எரிந்த ஆர்மேச்சரும் நாலரை ஸ்டாரும்

காலை ஏழு மணிக்குச் சட்னி பாதியில் நின்றது. மிக்சியிலிருந்து லேசாகக் கருகல் வாடை. குடிவந்து மூன்று மாதமே ஆன ஊர். எந்தக் கடைக்குக் கொண்டுபோவது என்று கேட்க அக்கம்பக்கத்தில் இன்னும் பழக்கமில்லை. போனை எடுத்துத் தேடினேன். மேப்பில் மூன்று கடைகள் வந்தன. ஒன்றுக்கு 5.0, ஆனால் நான்கே பேர் போட்டது. இன்னொன்றுக்கு ஸ்டாரே இல்லை. மூன்றாவதற்கு 4.5, நாற்பது பேர் போட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் இரண்டு பேர் நன்றாகத் திட்டியும் இருந்தார்கள். நான் மூன்றாவது கடைக்குத்தான் போனேன். ஏன் போனேன் என்று பிறகு யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ரிப்பேர் கடைக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். மிக்சிக் கடையில், “ஆர்மேச்சர் போயிடுச்சு சார், மாத்தணும்” என்கிறார்கள். தலையாட்டுகிறோம். மாலையில் மிக்சி ஓடுகிறது, பணம் கொடுக்கிறோம். போனது உண்மையிலேயே ஆர்மேச்சரா, அல்லது மிகச் சொற்ப விலையில் முடிந்திருக்க வேண்டிய கார்பன் பிரஷ்ஷா என்பது நமக்குக் கடைசிவரை தெரியாது. இப்படி, வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை அளக்க முடியாத சேவைகளைப் பற்றி மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் ரிப்பேர் வேலையும் ஒன்று.

அதனால் மேப்பில் இருக்கும் ஸ்டார் ரிப்பேர் கடைக்குப் பாதி வேலையைத்தான் செய்யும். சொன்ன நாளில் கொடுத்தாரா, சொன்ன தொகையையே வாங்கினாரா, திரும்பக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் பார்த்தாரா என்பதையெல்லாம் வாடிக்கையாளரால் சொல்ல முடியும். கழற்றிய மெஷினுக்குள் என்ன இருந்தது என்பதை அவரால் சொல்ல முடியாது. அதைக் கடைக்காரர்தான் காட்ட வேண்டும். அதற்கான இடம் ஃபேஸ்புக் பேஜோ இன்ஸ்டாகிராம் பக்கமோ. மேப்பில் இருப்பது பிறர் சாட்சி. பேஜில் இருப்பது கழற்றிக் காட்டிய வேலை. இரண்டும் சேரும்போதுதான் புதிதாக வருகிறவருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

முதலில் மேப். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற இந்தக் கணக்குக்குக் கட்டணம் இல்லை. கடை உண்மையில் இருக்கிறது என்பதை நிரூபிக்கப் பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே இருக்கும் டூல்ஸ், ஷட்டரை நீங்களே திறப்பது எல்லாம் ஒரே ஓட்டமாக அதில் இருக்க வேண்டும். பெயர் போடும் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். பலகையில் இருக்கும் பெயரை மட்டுமே போட வேண்டும். அதன் பின்னால் ‘ஊரிலேயே நம்பர் ஒன் மிக்சி ரிப்பேர்’ என்று வால் சேர்த்தால் கணக்கையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொல்ல `Appliance repair service` என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்தது எண்ணிக்கை. ஐந்து பேர் ஐந்தைந்து ஸ்டார் போட்டிருக்கும் கடைக்கு ஆறாவதாக ஒருவர் கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டால், 5.0 ஒரே நாளில் 4.3 ஆகிவிடும். நான் போன கடையின் கணக்கு வேறு மாதிரி. நாற்பதில் 28 பேர் ஐந்து, எட்டுப் பேர் நான்கு, இரண்டு பேர் மூன்று, இரண்டு பேர் ஒன்று. மொத்தம் 180 ஸ்டார், சராசரி 4.5. அங்கே இன்னொருவர் ஒரு ஸ்டார் போட்டாலும் 4.4-க்குத்தான் இறங்கும். ஆக, கெட்ட பெயரிலிருந்து காப்பது சராசரியைவிட எண்ணிக்கைதான். எல்லாமே ஐந்தாக இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகமும் வருகிறது. இணையத்தில் விற்கும் பொருட்களை வைத்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் பார்த்ததில், வாங்கும் வாய்ப்பு 4.0-க்கும் 4.7-க்கும் இடையில்தான் உச்சத்தில் இருந்தது, 5.0-ஐ நெருங்க நெருங்கக் குறைந்தது.

எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் கேட்க வேண்டும். எப்போது கேட்பது? மிக்சியைக் கையில் கொடுக்கும்போதே கேட்டால், வாடிக்கையாளருக்கு எழுத ஒன்றும் இருக்காது. ‘சூப்பர்’ என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போவார். நான் போன கடையில் மூன்றாம் நாள் வாட்ஸ்அப் வந்தது: “சார், மிக்சி நல்லா ஓடுதா? குறை இருந்தா கொண்டு வாங்க, பார்த்துத் தர்றேன். நிறையோ குறையோ, இந்த லிங்க்ல ரெண்டு வரி எழுதினா உதவியா இருக்கும்.” அந்த லிங்க்கையும் கல்லாவில் ஒட்டிவைக்க QR கோடையும் கூகுளே தருகிறது, ப்ரொஃபைலில் `Ask for reviews` என்ற இடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் ‘நிறையோ குறையோ’ என்று எழுதியதைக் கவனியுங்கள். முகம் மலர்ந்து போனவர்களிடம் மட்டும் கேட்டு மற்றவர்களை விட்டுவிடுவதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானதுதான். ‘ஐந்து ஸ்டார் போட்டால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி’ என்று அட்டை மாட்டினால் கேட்கவே வேண்டாம். பிடிபட்டால் போட்ட ரிவ்யூக்களை மறைப்பார்கள், புதியவை வராமல் சில காலம் தடுப்பார்கள், போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று கடையின் பக்கத்திலேயே எச்சரிக்கை போடவும் செய்வார்கள். இந்தியாவிலும் இணைய ரிவ்யூக்களை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு IS 19000:2022 என்ற தர நிர்ணயம் 2022 நவம்பரில் வந்திருக்கிறது.

இனி அந்த இரண்டு ஒற்றை ஸ்டார்கள். நான் அந்தக் கடைக்குப் போனதே அவற்றைப் படித்ததால்தான். ஒருவர் எழுதியிருந்தார்: “ரிப்பேர் பண்ணி ரெண்டே நாள்ல திரும்ப நின்னுடுச்சு. சுத்த ஏமாத்து.” கீழே கடைக்காரரின் பதில் இருந்தது: “வணக்கம் மேடம். உங்கள் மிக்சிக்கு கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுத்தோம். ரெண்டே நாளில் நின்றது எங்களுக்கும் வருத்தம்தான். ஜாரின் அடியில் கசிவு இருந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி இப்படி நிற்கும். அன்றைக்கு ஜாரையும் கேட்டு வாங்கிப் பார்க்காதது எங்கள் தவறு. ஜாரோடு கொண்டு வாருங்கள், கூலி இல்லாமல் பார்த்துத் தருகிறோம்.”

இதில் சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன மாற்றினார், எது நடந்திருக்கலாம், தன் பக்கம் எங்கே தப்பு, இனி என்ன செய்வார் என நான்கும் இருக்கின்றன. அந்த அம்மாவின் பெயரோ போன் நம்பரோ தெருவோ இல்லை. ‘ரிவ்யூவை எடுத்துவிடுங்கள், இலவசமாகச் செய்கிறேன்’ என்ற பேரமும் இல்லை. அப்படிப் பேரம் பேசுவதும் விதிமீறல்தான். எழுதியவருக்கு மனம் மாறினால் தன் ரிவ்யூவைத் தானே திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. உண்மையில் இந்தப் பதில் அந்த அம்மாவுக்காக மட்டும் எழுதியதில்லை. என்னைப் போல ஆறு மாதம் கழித்து வந்து படிப்பவனுக்கும் சேர்த்துத்தான்.

கதை அங்கே முடியவில்லை. மேப்பிலிருந்த லிங்க்கைத் தொட்டு அவருடைய ஃபேஸ்புக் பேஜுக்குப் போனேன். அந்தப் புகாருக்கு அடுத்த வாரத்தில் ஒரு சின்ன வீடியோ இருந்தது. ஒரு ஜாரில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடிக்கிறார். பிளேடு சுற்றும் புஷ் தேய்ந்திருப்பதால் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அடுத்து, அப்படி ஈரம் இறங்கித் துருப்பிடித்த பேரிங். “மிக்சியக் கொண்டுவரும்போது ஜாரையும் கொண்டாங்க” என்று முடிக்கிறார். மேப்பில் வந்த வசவு பேஜில் பாடமாகிவிட்டது.

அந்தப் பேஜில் பண்டிகை வாழ்த்துப் படங்கள் குறைவு. எரிந்து கறுத்த ஆர்மேச்சரும் நல்ல ஆர்மேச்சரும் பக்கத்தில் பக்கத்தில். தேய்ந்த கார்பன் பிரஷ் புதியதற்குப் பக்கத்தில். பல் உடைந்த கப்ளர். ஒரு பதிவில், “மிக்சி திடீர்னு நின்னா உடனே கடைக்கு வராதீங்க. ஜாரில் போட்டதைக் குறைச்சு, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்க” என்றிருந்தது. பாரம் கூடினால் மோட்டாரைக் காப்பதற்காக நிறுத்தும் ஓவர்லோடு பட்டன் அது. அதைச் சொன்னதால் அவருக்குச் சில கூலிகள் போயிருக்கும். தனக்கு வேலையே இல்லாத இடத்தில் ‘வராதே’ என்று சொல்பவர், ‘ஆர்மேச்சர் போச்சு’ என்று சொல்லும்போது நாம் நம்புகிறோம்.

இரண்டையும் கோர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. சமூக ஊடகப் பக்கங்களின் லிங்க்கை ப்ரொஃபைலிலேயே சேர்க்கும் வசதி இருக்கிறது. பெயர், போன் நம்பர், கடை நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு மூன்று நாள் அடைத்தால் இரண்டிலும் போட வேண்டும். பூட்டிய கடைமுன் மிக்சியோடு நின்றவர் போடும் ஒரு ஸ்டாருக்கு நல்ல பதிலே கிடையாது. பேஜில் போடும் நல்ல படங்களை மேப்பிலும் ஏற்றுவது நல்லது. பலர் மேப்பைத் தாண்டி வருவதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. தேடுவதற்குப் பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றையும் பார்த்தே கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. எவ்வளவு ஸ்டார் இருந்தாலும் ஊரின் மறுகோடியில் தேடுபவருக்கு உங்கள் கடை முன்னால் வருவது கடினம். வராதவர் எழுதிய பொய்ப் புகாரை ரிப்போர்ட் செய்யலாம். விதிமீறல் என்றால் நீக்குவார்கள். ‘வேலை சரியில்லை’, ‘சரியாகத்தான் செய்தேன்’ என்ற வழக்கில் கூகுள் நடுவராக வராது. `Suggest an edit` வழியாக யார் வேண்டுமானாலும் ‘இந்தக் கடை மூடிவிட்டது’ என்று திருத்தம் அனுப்பவும் முடியும். வாரம் ஒருமுறை தன் கடையைத் தானே தேடிப் பார்ப்பது இதற்காகத்தான்.

படிக்கிற நமக்கும் ஒரு குறிப்பு. ஒரே வாரத்தில் இருபது ஐந்து ஸ்டார்கள், எல்லாம் ஒற்றை வரி, எழுதியவர்களுக்கு வேறு ரிவ்யூவே இல்லை என்றால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

என் மிக்சிக்கு ஆர்மேச்சரேதான் போயிருந்தது. பில்லோடு ஒரு பாலித்தீன் கவரில் பழையதைப் போட்டுக் கொடுத்தார். “வீட்டுக்குக் கொண்டுபோங்க சார், உங்க பொருள்தானே” என்றார். வேலை நன்றாக இருந்தது, ஆனால் சொன்ன நாளைவிட ஒரு நாள் தாமதம். நான்கு ஸ்டார் போட்டு அதையும் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: “உண்மைதான் சார். ஆர்மேச்சர் வந்து சேர ஒரு நாள் கூடிடுச்சு. அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்.”

அதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் கிரைண்டரையும் அங்கேயே கொண்டுபோனேன்.