அச்சுப் பிழைக்கு யார் பொறுப்பு?

ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை. மணமகள் ‘வள்ளி’ எல்லாவற்றிலும் ‘வல்லி’. அச்சகத்தில் சண்டை போடுமுன் நீங்கள் ஓ.கே. சொன்ன புரூஃபை எடுங்கள். அதிலேயே ‘வல்லி’ என்றிருந்தால், இலவச மறு அச்சு கேட்பது கடினம். பாதி விலைக்குப் பேசிப் பார்க்கலாம். புரூஃபில் சரியாக இருந்தால் தவறு முழுக்க அச்சகத்துடையது. திருத்தத்துக்கு முந்தைய ஃபைலில் பிளேட் போட்டாலும், கடைசி நேரத்தில் எழுத்துரு மாற்றினாலும் இப்படி ஆகும்.

புரூஃப், பில், பிழையான பிரதி மூன்றின் படங்களோடு அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். மறு அச்சா, பணமா என்பதையும் எந்தத் தேதிக்குள் என்பதையும் குறிப்பிடுங்கள். கல்யாணம் நெருங்கிவிட்டால் பணத்தையே கேளுங்கள். வேறு அச்சகத்தில் அடிக்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தீரும்வரை பிழையான கட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.