நெறியாளரின் கையிலிருக்கும் தாள்

பட்டிமன்ற நடுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் பேசி முடித்ததும் அவர் சொன்னதையே நடுவர் இன்னொரு முறை சுவையாகச் சொல்வார், ஒரு சிரிப்பு சேர்ப்பார், அடுத்தவரை அழைப்பார், கடைசியில் தீர்ப்பு வழங்குவார். கருத்தரங்க மேடைகளில் நெறியாளராக உட்காரும் பலரும் இந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள். மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாமல் மூன்று உரைகளை நிகழ்த்துவார்கள். ஒவ்வொருவரையும் நெறியாளர் பாராட்டுவார். மணியைப் பார்த்துவிட்டு, “ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம்” என்பார். அந்த ஒரு கேள்வியும் நாலு நிமிடச் சொற்பொழிவாக வரும்.

இதைத் தவிர்க்கும் வேலை மேடையில் நடப்பதில்லை. பேச்சாளர்களின் பிபிடிகளை முன்கூட்டியே வாங்கி, அவற்றை அருகருகே வைத்துப் படித்து, நெறியாளர் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பில்தான் அது நடக்கிறது. அருகருகே வைத்து என்பது முக்கியம். ஒவ்வொன்றாகப் படித்துச் சுருக்கம் எழுதினால் நடுவர் வேலைதான் மிஞ்சும். ஒன்றை இன்னொன்றோடு மோத விட்டால்தான் கலந்துரையாடல் பிறக்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். சென்னையின் குடிநீர் பற்றி ஒரு கல்லூரி அரங்கில் ஒரு மணி நேர அமர்வு என்று வைத்துக்கொள்வோம். பேச்சாளர்கள் மூவர். ஏரிப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பற்றிப் பேச வரும் பேராசிரியர், வீடு வீடாகப் போய் மழைநீர் சேகரிப்பைச் சரிபார்க்கும் தன்னார்வலர் அம்மா. பொறியாளர் 22 ஸ்லைடு அனுப்பியிருக்கிறார், பேராசிரியர் 14, தன்னார்வலர் 9. ஆளுக்கு எட்டு நிமிடம் என்று பேச்சு.

ஸ்லைடுகளை எண்ணியதுமே ஒரு சிக்கல் தெரிந்துவிடும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு நிமிடம் என்பது மேடைக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. வரைபடம் உள்ள ஸ்லைடென்றால் அதை விளக்கவே இரண்டு நிமிடம் போகும். 22 ஸ்லைடை எட்டு நிமிடத்தில் முடிக்க முடியாது. இதை மேடையில் சீட்டு நீட்டிச் சொல்வதைவிட, இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்வது மரியாதை. “சார், உங்க ஏரி மட்ட வரைபடம்தான் இந்த அமர்வுக்கே அச்சு. அதுக்கு நேரம் கிடைக்கணும்னா வரலாற்றுப் பகுதியைக் கொஞ்சம் குறைக்கலாமா?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘குறையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் முக்கியமான ஸ்லைடைத் தூக்கிவிட்டு முன்னுரையை வைத்துக்கொள்வார்கள்.

நேரத்தைக் குறிப்பில் நிமிடக் கணக்காக எழுதக்கூடாது, கடிகார மணியாக எழுத வேண்டும். ‘பேச்சு, 8 நிமிடம்’ என்று இருந்தால் மேடையில் உட்கார்ந்துகொண்டு கூட்டல் போட வேண்டியிருக்கும். நம் அமர்வு 11 மணிக்குத் தொடங்குகிறது. 11.03 வரை அறிமுகம். பொறியாளர் 11.11 வரை, பேராசிரியர் 11.12 முதல் 11.20 வரை, தன்னார்வலர் 11.21 முதல் 11.29 வரை. இடையில் விட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நெறியாளரின் இணைப்புரைக்கு. பிறகு 11.42 வரை மூவருக்குள் உரையாடல், 11.57 வரை அவையின் கேள்விகள், 12 மணிக்கு முடிவு.

பத்து மணிக் கூட்டம் பத்து மணிக்குத் தொடங்குவது நம்மூரில் அபூர்வம் என்பதால், குறிப்பின் ஓரத்தில் இன்னொரு அட்டவணையும் இருக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் எதை வெட்டுவது? பெரும்பாலானோர் அவையின் கேள்விகளை வெட்டுகிறார்கள், ஏனென்றால் அது கடைசியில் இருக்கிறது. நான் உரையாடலை ஆறு நிமிடமாக்கி ஏழு நிமிடத்தையும், கேள்வி நேரத்திலிருந்து மூன்று நிமிடத்தையும் எடுப்பேன். மேடையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேறு இடம் உண்டு. வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கால் மணி நேரம்தான்.

இனி இணைப்புரை. நெறியாளரின் குறிப்பில் மிக அதிகம் உழைக்க வேண்டிய இடம் இது. மூன்று பிபிடிகளையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது, மூவரும் மூன்று அளவைகளில் பேசுகிறார்கள் என்பதுதான். பொறியாளருக்கு எல்லாம் டிஎம்சி. பேராசிரியருக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர். தன்னார்வலருக்கு மழை மில்லிமீட்டரும் மொட்டை மாடிச் சதுர அடியும். மூன்றும் தண்ணீர்தான், ஆனால் கேட்பவர் மனதில் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஒட்டவைப்பது நெறியாளரின் வேலை.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர், அதாவது பத்துக் கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு டிஎம்சி தண்ணீரைத் தர அந்த ஆலை 283 நாள் ஓட வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி. இவ்வளவும் கையில் இருந்தால் பொறியாளரிடமிருந்து பேராசிரியருக்குப் போகும் பாலம் தானாக எழுந்துவிடும். குறிப்பில் அது இப்படி இருக்கும்:

“செம்பரம்பாக்கம் ஒருமுறை நிரம்பினால் கிடைக்கும் தண்ணீரைத் தர, மீஞ்சூர் ஆலை கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஓட வேண்டும். அப்படியிருந்தும் கடலிடம் போனோம். 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஏரி நிரம்பாத ஆண்டில் ஆலை என்ன தரும், என்ன விலையில் தரும்? பேராசிரியர் சொல்லட்டும்.”

வாய்விட்டுப் படித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பொறியாளரைப் பாராட்டவில்லை, அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் தந்த எண்தான் அடுத்தவரின் பேச்சுக்குக் கேள்வியாகிறது. பேராசிரியரின் பதிலை இது முந்திக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். அவருடைய ஸ்லைடில் ஒரு லிட்டருக்கான செலவு இருந்தால் அதை அவரே சொல்லட்டும். பேச்சாளர் இறுதிக்கு வைத்திருக்கும் செய்தியை நெறியாளர் முதலிலேயே உடைத்துவிடும் கொடுமை அடிக்கடி நடக்கிறது. பிபிடியை முன்பே படித்ததால் வரும் வினை இது.

இரண்டாவது பாலமும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்வதாக வைத்தால், அந்த மாடியில் விழுவது 1,30,000 லிட்டர். மீஞ்சூர் ஆலை ஓராண்டு முழுத் திறனில் தரும் தண்ணீர், இப்படிப்பட்ட சுமார் 2,80,000 மாடிகளில் விழும் மழைக்குச் சமம். தன்னார்வலரை அழைக்க இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் விழுவது வேறு, தேங்குவது வேறு. ஆவியாவதும் முதல் மழையில் கழுவி விடுவதும் போகக் குறையும். அதனால் இந்தக் கணக்கை அந்த அம்மாவிடம் முதல்நாளே சொல்லிக் காட்ட வேண்டும். “விழுறதுன்னு சொல்லுங்க, கிடைக்கிறதுன்னு சொல்லாதீங்க” என்று அவர் திருத்துவார். அந்தத் திருத்தம் குறிப்பில் ஏற வேண்டும்.

உரையாடலுக்கான கேள்விகள் எங்கே இருக்கின்றன? வரைபடங்களின் ஓரங்களில். பொறியாளரின் ஏரி மட்ட வரைபடம் 2019 ஜூனில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்கினால் எந்தக் கோடும் ஏறுமுகமாகத்தான் தெரியும். “2015 வெள்ளத்திலிருந்து தொடங்கினால் இந்தக் கோடு எப்படி இருக்கும்?” என்பது நல்ல கேள்வி. ஆனால் மேடையில் திடீரென்று கேட்டால் அது பொறி. தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டால் அவர் இன்னொரு ஸ்லைடோடு வருவார், அவைக்கு விடை கிடைக்கும். வம்பு வேண்டுமா, விடை வேண்டுமா என்று நெறியாளர் முடிவுசெய்ய வேண்டும்.

அருகருகே படிப்பதில் இன்னொரு லாபம், மூன்றிலும் இல்லாத ஒன்று கண்ணில் படுவது. இந்த மூன்று பிபிடிகளிலும் வீராணம் இல்லை. கடலூர் மாவட்டத்து ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, 2004 முதல் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஏரியை நம்பிப் பாசனமும் நடக்கிறது. ஏரி, கடல், மாடி என்று மூவரும் தங்கள் இடத்தை எடுத்துக்கொண்டார்கள், அடுத்த மாவட்டத்து விவசாயியை யாரும் எடுக்கவில்லை. அவையிலிருந்து இந்தக் கேள்வி வரக்கூடும். வராவிட்டால் நெறியாளர் கேட்க வேண்டும். குறிப்பில் இதற்கு நேராக ‘11.50 வரை யாரும் கேட்காவிட்டால்’ என்று எழுதிவைப்பது என் வழக்கம்.

அவையின் கேள்வி நேரம் எப்போதும் ஒரு மௌனத்தில்தான் தொடங்கும். “கேள்வி இருக்கிறதா?” என்றால் எல்லோரும் மைக்கைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார்கள். கை தூக்கினால் போதும் என்ற கேள்வியோடு தொடங்கினால் இறுக்கம் தளரும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. “உங்கள் வீட்டில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.” பாதிப் பேராவது தூக்குவார்கள். “கடந்த ஓராண்டில் அதைத் தூர்வாரியவர்கள் மட்டும் கையை இறக்காதீர்கள்.” பெரும்பாலான கைகள் இறங்கிவிடும். இறங்காத ஒருவரிடம் மைக்கைக் கொடுத்தால் கேள்வி நேரம் தொடங்கிவிட்டது. சொற்பொழிவு ஆற்ற எழுபவருக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “ஐயா, இதை மூவரில் யாரிடம் கேட்கிறீர்கள்?” கேள்வி இருந்தால் வெளியே வரும், இல்லாவிட்டால் அவரே உட்கார்ந்துவிடுவார்.

சில சின்ன விஷயங்கள். குறிப்பில் ‘ஸ்லைடு 7’ என்று எண் எழுதாமல் அந்த ஸ்லைடின் தலைப்பை எழுதுங்கள், ஏனென்றால் முதல்நாள் இரவு பேச்சாளர் இரண்டு ஸ்லைடைச் சேர்த்துவிடுவார், எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். அன்று காலை இறுதி வடிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்காமல், நீங்கள் மேற்கோள் காட்டப் போகும் ஸ்லைடு இன்னும் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். பழைய பாமினி எழுத்துருவில் செய்த தமிழ் ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஒரு பிடிஎஃப் பிரதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பை ஒரு பேச்சாளருக்கு ஒரு பக்கம் என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் வையுங்கள். கைபேசியைப் பார்த்துப் பேசும் நெறியாளர் வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் அவை நினைக்கும்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெறியாளரின் பெயரை அழைப்பிதழில் போடுவதோடு நிற்காமல், பிபிடிகள் மூன்று நாள் முன்பே அவர் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்பு பென்டிரைவில் கொடுத்தால் அவரால் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும்.