‘அவரும் எனக்குத் தரணும்’ என்றால் மட்டும் போதாது

எருமப்பட்டி வட்டாரத்தில் கோழிப்பண்ணைக்கும் தீவன மில்லுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் ஒருவழிப் பாதையாக இருப்பதில்லை. மில்காரர் தீவனத்தைக் கடனுக்கு இறக்குவார். பண்ணைக்காரர் அவருக்கோ அவருடைய ஆளுக்கோ முட்டை ஏற்றிவிடுவார். ஒரு லோடு தீவனத்தில் பூஞ்சை வாடை அடித்திருக்கும், “அடுத்த பில்லில் பார்த்துக்கலாம்” என்று பேச்சு முடிந்திருக்கும். உறவு கெட்டுப்போய் மில்காரர் பணம் கேட்டு வழக்குப் போட்டதும், பண்ணைக்காரர் வக்கீலிடம் சொல்லும் முதல் வாக்கியம் “அவரும் எனக்குத் தரணும்” என்பதுதான். அது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் சட்டத்தின் முன் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. எந்த ரூபாய் எந்த வகையில் சேரும் என்று பிரிக்காமல் மொத்தமாகச் சொன்னவர், நியாயம் தன் பக்கம் இருந்தும் அந்தப் பணத்தை இழக்க நேரலாம்.

பேச வசதியாக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கும் ஒரு பண்ணையின் மீது, கூட்டு நிறுவனமாக நடக்கும் ஒரு தீவன மில் ரூ.9,40,000 கேட்டு 2025 ஜூலை 10 அன்று வழக்குப் போடுகிறது. பண்ணைக்காரர் நான்கு பதில்கள் வைத்திருக்கிறார். வங்கி வழியாக அனுப்பிய ரூ.1,20,000 மில்லின் பேரேட்டில் வரவு வைக்கப்படவில்லை. 2022 ஆகஸ்ட் 5 அன்று மில்லுக்குக் கொடுத்த முட்டைக்கு ரூ.2,10,000 வரவேண்டும், பில்லில் கையெழுத்து இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த ஆறு டன் தீவனம் கெட்டது, அதனால் முட்டை விழுந்துவிட்டது. கடைசியாக, மில்லின் பங்குதாரர் ஒருவர் தன் சொந்தச் செலவுக்கு வாங்கிய கைமாற்று ரூ.1,00,000 அப்படியே நிற்கிறது.

முதல் பதில் எளிது. வழக்குக்கு முன்பே கொடுத்துவிட்ட பணம் ‘செலுத்தியாகிவிட்டது’ என்ற சாதாரண எதிர்வாதம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வங்கிக் கணக்கு நகலை எதிருரையோடு சேர்த்துக் காட்டினால் போதும். திருப்பி அனுப்பிய மூட்டைகளும், இருவரும் ஒப்புக்கொண்டு முன்பே பில்லில் கழித்த தொகையும் இதில் சேரும். பலர் இதையும் ‘கழிவு’ என்ற பெயரில் கேட்டு, வேண்டாத கட்டணத்தையும் வேண்டாத வாதத்தையும் இழுத்துக்கொள்கிறார்கள்.

கடைசிப் பதிலும் எளிதுதான், ஆனால் கசப்பானது. வழக்குப் போட்டிருப்பது நிறுவனம், கைமாற்று வாங்கியது ஒரு பங்குதாரர் தன் சொந்தப் பெயரில். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 8 விதி 6, வழக்கில் இரு தரப்பும் எந்தத் தகுதியில் நிற்கிறார்களோ அதே தகுதியில்தான் எதிர்க்கடனும் இருக்க வேண்டும் என்கிறது. ஊரில் ‘எல்லாம் ஒரே ஆள்தானே’ என்பார்கள்; நீதிமன்றம் அப்படிப் பார்க்காது. அந்தப் பணத்துக்கு அந்தப் பங்குதாரர் மீது தனியாகத்தான் போக வேண்டும்.

நடுவில் நிற்கும் இரண்டில்தான் விஷயமே இருக்கிறது. முட்டைப் பணம் ரூ.2,10,000 தீர்மானமான தொகை. பில் இருக்கிறது, விலை இருக்கிறது, யாரும் மதிப்பிட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட, சட்டப்படி வசூலிக்கத்தக்க, தொகை தெரிந்த கடனைத்தான் விதி 6 ‘எதிரீடு’ என்று கழிக்க விடுகிறது. கெட்ட தீவனத்தால் வந்த நட்டம் அப்படியல்ல. எத்தனை முட்டை குறைந்தது, தீவனம்தான் காரணமா, வேறு நோயா என்று நீதிமன்றம் விசாரித்துச் சொல்லும்வரை அது கடனே ஆகாது. மத்திய அரசுக்கும் ராமன் அயர்ன் ஃபவுண்டரி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடு, தீர்ப்பு வரும்வரை வெறும் கோரிக்கைதான், வரவேண்டிய கடன் அல்ல. அரசாங்கமே ஆனாலும் ‘எனக்கு நட்டம்’ என்று தானே முடிவு செய்துவிட முடியாது என்றால், பண்ணைக்காரரால் மட்டும் எப்படி முடியும்? இந்த நட்டத்துக்கான வழி எதிர்க்கோரிக்கை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதி 6அ முதல் 6எ வரை சேர்த்து, இழப்பீடு உட்பட எந்த உரிமையையும் அதே வழக்கிலேயே கேட்க இடம் கொடுத்தது. அதற்கும் அந்த நீதிமன்றத்தின் பணவரம்பு உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது, எப்படியும் ஒரே நீதிபதிதானே பார்க்கப்போகிறார் என்று கேட்கலாம். காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 3(2)-ஐப் பாருங்கள். எதிரீடு கேட்டால், அது வாதி வழக்குப் போட்ட அதே நாளில் போடப்பட்டதாகக் கருதப்படும். எதிர்க்கோரிக்கை என்றால், அதை நீதிமன்றத்தில் வைத்த நாள்தான் கணக்கு. நம் பண்ணைக்காரரின் முட்டைப் பணத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டு. 2025 ஆகஸ்ட் 5-உடன் முடிகிறது. சம்மன் அவர் கைக்கு ஆகஸ்ட் 20 அன்று வருகிறது, எதிருரை செப்டம்பர் 15 அன்று தாக்கலாகிறது. ரூ.2,10,000-ஐ எதிரீடு என்று எழுதினால், ஜூலை 10-லேயே கேட்டதாகக் கொள்ளப்படும். கடன் உயிரோடு இருக்கிறது. அதே தொகையைத் தீவன நட்டத்தோடு சேர்த்து ‘எதிர்க்கோரிக்கை’ என்ற தலைப்பில் எழுதிவிட்டால், செப்டம்பர் 15-க்குள் அது காலாவதியாகிவிட்டது என்று மில்லின் வக்கீல் எழுந்து நிற்பார். பில்லும் கையெழுத்தும் அதேதான். தலைப்பு ஒன்று மாறியதில் இரண்டு லட்சம் ஆபத்துக்குப் போகிறது. இருபக்கமும் ஒருவருக்கொருவர் கடன்பட்டு ஓடிக்கொண்டிருந்த கணக்கு என்று நிரூபித்தால் காலம் வேறுவிதமாகக் கணக்கிடப்படும் என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிப்பதே தனிச் சண்டை. அதை நம்பித் தலைப்பில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

தீவன நட்டத்துக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 59, தரம் பற்றிய உத்தரவாதம் மீறப்பட்டால் வாங்கியவர் அதை விலையைக் குறைக்கவே எடுத்து வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் நட்டம் இருந்தால் அதையும் கேட்கத் தடையில்லை. ஆகவே கெட்ட மூட்டைகளின் மதிப்புக் குறைவு ஒரு கணக்கு, முட்டை இழப்பு இன்னொரு கணக்கு. 88 சதவீதமாக இருந்த முட்டையிடல் இருபது நாள் 70 சதவீதத்துக்கு இறங்கியது என்றால், ஒரு நாளைக்கு 1,800 முட்டை, மொத்தம் 36,000 முட்டை. முட்டை ரூ.4.50 என்று வைத்தால் ரூ.1,62,000. இதைப் பண்ணையின் தினசரி முட்டைப் பதிவேடு சொல்ல வேண்டும். பின்னால் வெள்ளைத்தாளில் எழுதிய கணக்கு நிற்காது. தீவனம்தான் காரணம் என்று காட்ட, அந்த லோடிலிருந்து எடுத்து முத்திரையிட்ட மாதிரியும் ஆய்வு அறிக்கையும் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. பூஞ்சை நச்சு அளவை அங்கே பார்க்கலாம். மூட்டைச் சீட்டும் பில் எண்ணும் மாதிரியோடு இணையாவிட்டால், ‘இது எங்கள் தீவனமே இல்லை’ என்ற ஒரு பதிலில் அறிக்கை செல்லாக்காசாகிவிடும். வாடை அடித்த அன்றே மில்லுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டுக்கும் கட்டணம் உண்டு. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955, பிரிவு 8-ன்படி, எதிரீடோ எதிர்க்கோரிக்கையோ உள்ள எதிருரைக்கு வழக்குரையைப் போலவே கட்டணம். பண வழக்குக்கு 2017-லிருந்து 3 சதவீதம். நம் கணக்கில் ரூ.6,300-ம் ரூ.4,860-ம். ‘தற்காத்துக்கொள்ளவே காசு கட்டணுமா’ என்று கோபம் வரும். தற்காப்புக்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை. எதிராளியிடமிருந்து ஒரு தொகைக்குத் தீர்ப்பு கேட்பதால்தான் கட்டணம். கட்டாமல் எதிருரையில் போகிறபோக்கில் எழுதிய ‘நட்டம்’ பெரும்பாலும் படிக்கப்பட்டுக் கடந்துபோகும். எல்லாம் நிரூபணமானால், 9,40,000-ல் செலுத்தியதும் எதிரீடும் போக ரூ.6,10,000, எதிர்க்கோரிக்கையும் போனால் ரூ.4,48,000-க்குத்தான் டிக்ரி. கட்டணமாகப் போட்ட ரூ.11,160 எதை மிச்சப்படுத்தியது என்பது அங்கே தெரியும்.

எதிர்க்கோரிக்கையை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாமா? எதிருரைக்குச் சம்மன் பெற்றதிலிருந்து 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள். வணிக வழக்காக இருந்தால் 120-க்கு மேல் ஒரு நாளும் கிடையாது. எதிருரை போட்ட பிறகும் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்பதை அசோக் குமார் கல்ரா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஏற்றது. ஆனால் தாமதத்தையும் காலவரையறையையும் பார்த்தே அனுமதி, எழுவினாக்கள் வரைந்த பிறகு பொதுவாகக் கதவு சாத்தப்படும் என்றது. அதோடு, கோரிக்கைக்கான காரணம் எதிருரைக்கான கெடுவுக்குள் பிறந்திருக்க வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு இன்னும் வலுவானது: இந்தத் தொல்லை எதற்கு, தனி வழக்குப் போட்டால் என்ன? போடலாம், நம் சட்டத்தில் எதிர்க்கோரிக்கை கட்டாயமில்லை. ஆனால் மில்லின் வழக்கு முதலில் முடிந்தால், அவர்கள் முழுத் தொகைக்கும் நிறைவேற்று மனு போட்டு வங்கிக் கணக்கைப் பிடிப்பார்கள், உங்கள் வழக்கு சாட்சி விசாரணையில் நின்றுகொண்டிருக்கும். தீவனம் நல்லதா கெட்டதா என்று முதல் வழக்கில் முடிவாகிவிட்டால், இரண்டாவதில் அதையே மறுபடி கிளறவும் முடியாது.

மில்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வேண்டுமென்றே இழுக்க, பொய்யாக ஒரு நட்டக் கணக்கைக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு விதி 6இ இருக்கிறது: எழுவினா வரைவதற்கு முன், இந்தக் கோரிக்கையைத் தனி வழக்காகப் போடச் சொல்லுங்கள் என்று வாதி மனுச் செய்யலாம். அதை விட்டுவிட்டு, எதிர்க்கோரிக்கைக்குப் பதிலே போடாமல் இருந்தால் விதி 6உ-ன்படி அவருக்கு எதிராகவே தீர்ப்பு வரலாம். வழக்கை வாபஸ் வாங்கித் தப்பிக்கவும் முடியாது. வழக்கு போனாலும் எதிர்க்கோரிக்கை தொடரும்.

காசோலை வழக்கு வேறு. தீவனக் கடனுக்குக் கொடுத்துவைத்த காசோலை திரும்பி, பிரிவு 138-ன்கீழ் புகார் வந்தால் அங்கே எதிர்க்கோரிக்கைக்கு இடமில்லை. காசோலையில் எழுதிய அளவுக்குக் கடன் இல்லை என்று காட்ட மட்டுமே முடியும். நட்டப் பணத்துக்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

ஆகவே இரு தரப்பாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு முடிவில் யாருக்கு யார் எவ்வளவு என்று எழுதி, எதிராளியிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். மூன்றாண்டு முடியும் முன் கையெழுத்தானால், காலவரையறைச் சட்டம் பிரிவு 18-ன்படி அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடத் தொடங்கும். சம்மன் வந்தால், கவர் வந்த தேதியை அதன் மேலேயே குறித்துக்கொண்டு, பில்களோடு அதே வாரத்தில் வக்கீலைப் பாருங்கள்.