அடுக்கு மெலிந்தால் எது நுணுக்கமாகும்?

பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் முப்பரிமாண அச்சுப்பொறிகள் பெரும்பாலும் 0.4 மி.மீ. துளையுள்ள நாசிலோடுதான் வருகின்றன. உருகிய பிளாஸ்டிக் நாசிலுக்கும் கீழ் அடுக்குக்கும் இடையே நசுங்கிப் பக்கவாட்டில் பரவுகிறது. அந்த இடைவெளிதான் அடுக்கின் உயரம். பரவிய அளவு கோட்டின் அகலம். எனவே கோடு துளையைவிடச் சற்று அகலமாக, 0.4 நாசிலுக்கு 0.45 மி.மீ. அளவில் வைக்கப்படுகிறது.

இந்த நசுங்கல்தான் அடுக்குகளை ஒட்டவைக்கிறது. அடுக்கின் உயரம் துளையின் விட்டத்தை நெருங்கினால் கோடு நசுங்காமல் உருளையாகவே மேலே கிடக்கும். பொருளைக் கையால் வளைத்தாலே அடுக்குகள் பிரிந்துவிடும். அதனால் உயரம் விட்டத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை விதி. 0.4 நாசிலுக்கு அது 0.32 மி.மீ.

நுணுக்கம் என்று வரும்போது பலரும் அடுக்கை மெலிதாக்கவே முனைகிறார்கள். அது பாதிதான் சரி. அடுக்கின் உயரம் சரிவுகளின் தோற்றத்தை மட்டுமே மாற்றும். கிடைமட்டத்திலிருந்து 10 பாகை சரிந்த பரப்பில் 0.2 மி.மீ. அடுக்கு ஒவ்வொன்றும் சுமார் 1.1 மி.மீ. அகலப் படியாகத் தெரியும்; 0.1 அடுக்கில் படி பாதியாகும். செங்குத்துச் சுவரிலோ படியே இல்லை. மேற்பரப்பில் புடைத்து நிற்கும் எழுத்தின் கூர்மையும், சுவர் எவ்வளவு மெலியலாம் என்பதும் கோட்டின் அகலத்தைப் பொறுத்தவை. 0.3 மி.மீ. தடிமனுள்ள எழுத்துக்கோட்டை 0.4 நாசிலால் சரியாக வரைய முடியாது, அடுக்கை எவ்வளவு குறைத்தாலும்.

60 மி.மீ. உயரமுள்ள ஒரு பொம்மையை 0.2 அடுக்கில் அச்சிட்டால் 300 அடுக்குகள்; 0.1 என்றால் 600. அதே வேகத்தில் நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 0.3-க்கு மாற்றினால் 200 அடுக்குகளே போதும். ஆனால் அங்கே வேறொரு தடை இருக்கிறது. உயரம், அகலம், வேகம் மூன்றையும் பெருக்கினால் ஒரு விநாடிக்கு உருக வேண்டிய பிளாஸ்டிக்கின் கன அளவு கிடைக்கும். 0.3 × 0.45 மி.மீ. கோட்டை விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் இட 13.5 கன மி.மீ. தேவை. சாதாரண ஹாட்எண்ட் பலவற்றுக்கு 10 முதல் 12 வரைதான் எட்டும். எல்லை மீறினால் இழையைத் தள்ளும் பற்சக்கரம் வழுக்கி 'டக் டக்' என்று சத்தம் எழும், சுவரில் இடைவெளி விழும். 0.6 நாசில் தடித்த சுவரைக் குறைவான சுற்றுகளில் முடித்துவிடும் என்றாலும், உருக்கும் திறனை அதுவும் பெரிதாகக் கூட்டிவிடாது.

அடுக்கின் உயரத்தை இடத்துக்கு இடம் மாற்றும் வசதி இப்போது ஸ்லைசர் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. பொம்மையின் உருண்டைத் தலையில் மேல் 10 மி.மீ. மட்டும் 0.1-ஆகவும் மீதி 0.2-ஆகவும் வைத்தால் மொத்தம் 350 அடுக்குகளே ஆகும். பீடத்தின் மேற்பரப்பில் மெல்லிய எழுத்து இருந்தால் அதற்கு 0.25 நாசில்தான் வழி. அதில் கோடுகளின் எண்ணிக்கை கூடி நேரமும் நீளும். துளை சிறியது என்பதால் சிறு தூசியே அடைத்துவிடும்.