பார்க்கும் கண் மட்டும் தெரியாத கண்ணாடி

3டி படம் பார்க்கத் தியேட்டரில் ஒரு கண்ணாடி தருவார்கள். பேட்டரி இல்லாமல், லேசான சாம்பல் நிறத்தில் இருக்கும் வகை அது. வீட்டில் ஒன்று கிடந்தால் எடுத்துப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நில்லுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பாருங்கள். மூடிய இடது கண் வில்லைக்குப் பின்னால் தெளிவாகத் தெரியும். திறந்திருக்கும் வலது கண்ணோ தெரியாது. அதன் முன்னுள்ள வில்லை கறுப்பாக அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணை மாற்றினால் கறுப்பும் இடம் மாறும். எந்தக் கண்ணால் பார்க்கிறீர்களோ அந்தக் கண் மட்டும் உங்களுக்குத் தெரியாது.

இதற்குக் காரணம், அந்த வில்லையில் ஒட்டியிருக்கும் கால் அலைத் தகடு. காகிதத்தைவிட மெல்லிய அந்தப் படலம் ஒளியை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரு சாவியும் ஒரு மீட்டர் நூலும் போதும்.

நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, வடக்கு தெற்காக ஆடவிடுங்கள். சாவி நடுப்புள்ளியைக் கடந்து வடக்கே போகும் நொடியில் அதைக் கிழக்குப் பக்கமாக ஒரு தட்டுத் தட்டினால், வடகிழக்காகச் சாய்ந்த நேர்கோட்டில் ஆடத் தொடங்கும். மறுபடி வடக்கு தெற்காக ஆடவிட்டு, இம்முறை சாவி வடக்குக் கோடியை எட்டி ஒரு கணம் நிற்கும்போது அதே அளவு தட்டுங்கள். இப்போது அது வட்டமடிக்கும். சாவியும் தட்டும் மாறவில்லை. தட்டிய நேரம்தான் கால் பங்கு ஆட்டம் தள்ளிப்போயிற்று. இன்னும் ஒரு கால் பங்கு தள்ளி, சாவி நடுவைக் கடந்து தெற்கே திரும்பும்போது தட்டினால் மறுபடி நேர்கோடுதான் கிடைக்கும். ஆனால் அந்தக் கோடு தென்கிழக்காகச் சாய்ந்திருக்கும். இந்த மூன்று ஆட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

ஒளியும் ஆட்டம்தான். அது போகும் திசைக்குக் குறுக்கே அதன் மின்புலம் அதிர்கிறது. சூரிய ஒளியிலும் விளக்கொளியிலும் இந்த அதிர்வு எல்லாக் குறுக்குத் திசைகளிலும் கலந்து கிடக்கும். போலராய்டு படலம் அதில் ஒரே திசை அதிர்வை மட்டும் விட்டு மற்றதை விழுங்கிவிடும். அப்படி ஒரே கோட்டில் அதிரும் ஒளியை நேர்கோட்டுத் தளவிளைவு பெற்ற ஒளி என்கிறோம். மின்புலம் கோட்டில் அதிராமல் சாவியைப் போலச் சுழன்றபடியே முன்னேறினால் அது வட்டத் தளவிளைவு. 1822இல் இந்த இரண்டையும் பிரித்துப் பெயரிட்டவர் பிரான்ஸின் பொறியாளர் ஃபிரெனெல்.

கோட்டை வட்டமாக்க வேண்டுமானால், ஒளியின் அதிர்வை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சம பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கைக் கால் அலை தாமதப்படுத்த வேண்டும். இந்த வேலையைச் சில படிகங்கள் இயல்பாகவே செய்கின்றன. குவார்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளமைப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. அதனால் ஒரு திசையில் அதிரும் ஒளி அதற்குள் கொஞ்சம் வேகமாகவும், செங்குத்துத் திசையில் அதிரும் ஒளி கொஞ்சம் மெதுவாகவும் போகின்றன. இதை இரட்டை விலகல் என்பார்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு, குவார்ட்ஸின் இரு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.0091.

இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்தே தகட்டின் தடிமனைக் கணக்கிடலாம். மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர்; அதில் கால் பங்கு சுமார் 147 நானோமீட்டர். மெதுவான பங்கு இந்த அளவு பின்தங்க வேண்டும். 147ஐ 0.0091ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16,200 நானோமீட்டர், அதாவது 16 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இது கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கும். இவ்வளவு மெல்லிய குவார்ட்ஸைத் தேய்த்தெடுத்து உடையாமல் கையாள்வது கடினம். அதனால் கையில் பிடிக்கும்படியான இரண்டு தடித்த தகடுகளை அச்சுகள் குறுக்காக இருக்கும்படி சேர்த்து வைப்பார்கள். ஒன்று தரும் தாமதத்தை மற்றது திரும்பப் பிடித்துக்கொள்ள, இரண்டின் தடிமனுக்கும் இடையிலுள்ள 16 மைக்ரான் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவை ஏடு ஏடாகப் பிரித்தும் கால் அலைத் தகடு செய்வதுண்டு. தியேட்டர் கண்ணாடியில் இருப்பது படிகமல்ல, பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை ஒரு பக்கமாக இழுத்து நீட்டும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் அந்தத் திசையில் வரிசைப்படுகின்றன. இரட்டை விலகல் தானாக வந்துவிடுகிறது.

தடிமன் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தகட்டின் அச்சுக்கும் ஒளி அதிரும் கோட்டுக்கும் இடையே 45 பாகை இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பங்குகளும் சமமாகப் பிரியும். 30 பாகையில் வைத்தால் ஒரு பங்கு பெரிதாகிவிடும். வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம் வரும். அச்சும் கோடும் ஒரே திசையில் இருந்தால் தாமதப்படுத்த இரண்டாவது பங்கே கிடையாது. ஒளி வந்தபடியே போய்விடும்.

கால் அலைக்குப் பதிலாக அரை அலை தாமதப்படுத்தினால்? சாவியின் மூன்றாவது ஆட்டம்தான். கோடு கோடாகவே இருக்கும், சாய்வு மட்டும் மாறும். அரை அலைத் தகடு ஒளி அதிரும் கோட்டைத் தன் அச்சுக்கு மறுபக்கம் புரட்டிப் போடுகிறது. 45 பாகையில் உள்ளே போன கோடு அச்சுக்கு அந்தப் பக்கம் 45 பாகையில் வெளிவரும். மொத்தத்தில் 90 பாகை திரும்பிவிட்டது. 10 பாகையில் போனால் 20 பாகை திரும்பும். வட்டமாகச் சுழலும் ஒளி அதற்குள் போனால் சுழற்சி எதிர்ப்பக்கமாக மாறும். இரண்டு கால் அலைத் தகடுகளை அச்சு மாறாமல் அடுத்தடுத்து வைத்தாலே ஓர் அரை அலைத் தகடு கிடைத்துவிடும். நிலைக்கண்ணாடிப் புதிரின் விடை இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது.

3டி கண்ணாடியின் ஒவ்வொரு வில்லையிலும் வெளிப்புறம் கால் அலைப் படலம், உட்புறம் கண்ணை ஒட்டிப் போலராய்டு. உங்கள் வலது கண்ணிலிருந்து கிளம்பும் வெளிச்சம் முதலில் போலராய்டில் ஒரே கோடாகிறது; பிறகு கால் அலைப் படலத்தில் வட்டமாகிறது. நிலைக்கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அதே சுழற்சி எதிர்ப்பக்கமாகிவிடுகிறது. கீழே நின்று பார்க்கும்போது ஒரு பக்கமாகச் சுற்றும் மின்விசிறி, மேலேயிருந்து பார்ப்பவருக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதைப் போலத்தான் இது. மின்புலம் சுழல்வது மாறவில்லை, ஒளி போகும் திசை மாறிவிட்டது. திரும்பிய ஒளி அதே கால் அலைப் படலத்துக்குள் மறுபடி நுழைகிறது. போகும்போது கால், வரும்போது கால், ஆக மொத்தம் அரை அலை. வட்டம் மறுபடி கோடாகிறது, ஆனால் கிளம்பிய கோட்டுக்கு 90 பாகை குறுக்கே. போலராய்டு அதை விழுங்கிவிட, வில்லை கறுப்பாகிறது. மூடிய இடது கண்ணின் வில்லை எதிர்ச் சுழற்சிக்காகச் செய்யப்பட்டது. அங்கிருந்து வரும் ஒளி நிலைக்கண்ணாடியில் சுழற்சி மாறி, வலது வில்லைக்கு ஏற்றதாக வந்து சேர்கிறது. அதனால் மூடிய கண் தெரிகிறது.

அந்தக் கறுப்பை உற்றுப் பார்த்தால் முழுக் கறுப்பாக இருக்காது. கருநீலமோ ஊதாவோ கலந்திருக்கும். தகட்டின் தாமதம் ஓர் அலைநீளத்துக்கு மட்டுமே சரியான கால் அலையாக இருக்க முடியும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்காகச் செய்த படலத்தின் தாமதம் 137.5 நானோமீட்டர். 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு அது கால் அலையைவிட அதிகம். 650 நானோமீட்டர் சிவப்புக்குக் குறைவு. கணக்குப் போட்டால், பச்சை முழுவதும் அணையும்போது நீலத்தில் சுமார் 12 சதவீதமும் சிவப்பில் சுமார் 6 சதவீதமும் கசிந்து வரும். நீலமும் சிவப்பும் சேர்ந்த அந்தக் கசிவுதான் ஊதா.

எல்லா நிறத்துக்கும் ஏறக்குறைய சரியாக வேலை செய்யும் கால் அலைத் தகட்டுக்கு 1955இல் வழி சொன்னவர் பெங்களூருவில் சர் சி.வி. ராமனின் நிறுவனத்தில் ஆய்வு செய்த எஸ். பஞ்சரத்னம். அவர் ராமனின் சகோதரி மகன். அப்போது அவருக்கு வயது 21. ஒரே பொருளாலான மூன்று தகடுகளை அடுக்கி, நடுத்தகட்டின் அச்சை மட்டும் கணக்கிட்ட கோணத்தில் திருப்பி வைத்தால், ஒரு தகட்டின் நிறப்பிழையை மற்றவை பெரும்பகுதி சரிக்கட்டிவிடும் என்று காட்டினார். இன்றும் அந்த அமைப்பு அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

தியேட்டருக்கு ஏன் வட்டம் வேண்டும்? இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனிப் படம் போக வேண்டும். நேர்கோட்டுத் தளவிளைவாலும் அதைச் செய்யலாம், ஆனால் தலையைச் சாய்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தோளில் 20 பாகை சாய்ந்தாலே, ஒரு கண்ணுக்கான ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதம் மறு கண்ணுக்குள் கசிந்து, உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரியும். வட்டத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. தலையை எப்படிச் சாய்த்தாலும் வலச்சுழற்சி வலச்சுழற்சிதான். ஆனால் சாதாரண வெள்ளைத் திரை ஒளியைச் சிதறடித்து இந்தச் சுழற்சியைக் கலைத்துவிடும். அதனால்தான் இவ்வகை அரங்குகளில் வெள்ளிப் பூச்சுத் திரை வைக்கிறார்கள்.

ஓஎல்ஈடி திரை உள்ள செல்போன் வைத்திருப்பவர்கள் இந்த நிலைக்கண்ணாடிச் சோதனையை நாள்தோறும் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தத் திரைக்கு அடியில் பளபளப்பான உலோக மின்முனை இருக்கிறது. மேலே ஒன்றும் இல்லாவிட்டால், வெயிலில் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். அதைத் தடுக்கப் போலராய்டும் கால் அலைப் படலமும் மேலே ஒட்டப்படுகின்றன. வெளி வெளிச்சம் உள்ளே போய், உலோகத்தில் திரும்பி, 90 பாகை குறுக்கே வந்து போலராய்டில் மாட்டி அணைந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. திரை தானே உமிழும் ஒளியிலும் பாதிக்கு மேல் அந்தப் போலராய்டில் போய்விடுகிறது.

உங்களிடம் உள்ள கண்ணாடி எந்த வகை என்று அறிய நிலைக்கண்ணாடியே போதும். திறந்த கண்ணின் வில்லை கறுத்தால் வட்ட வகை. மூடிய கண்ணின் வில்லை கறுத்தால் நேர்கோட்டு வகை. வட்ட வகையாக இருந்தால் இன்னொன்றும் செய்து பாருங்கள். மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வில்லையின் வெளிப்புறம் திரையைப் பார்க்கும்படி பிடித்துச் சுழற்றுங்கள். லேசான நிற மாற்றத்தைத் தவிர வெளிச்சம் பெரிதாகக் கூடாது, குறையாது. பிறகு கண்ணாடியைத் திருப்பி, உட்புறம் திரையைப் பார்க்கும்படி பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். எந்தப் பக்கம் கால் அலைப் படலம், எந்தப் பக்கம் போலராய்டு என்பதை அந்த இருட்டே சொல்லிவிடும்.