நூற்று இருபத்தைந்தாவது பிளவுஸ்

மாதக் கடைசியில் தையல் கடையின் மேசை இழுப்பறையைத் திறந்து, அதில் கிடக்கும் பணத்தை எண்ணி, அந்த மாதம் லாபமா நட்டமா என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பணத்தில் இன்னும் வெட்டவே தொடங்காத துணிக்கு வாங்கிய அட்வான்ஸ் கலந்திருக்கும். லைனிங் துணிக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதற்குள்தான் இருக்கும். நடுவில் வீட்டுச் செலவுக்கு எடுத்த இருநூறும் முந்நூறும் எந்த நோட்டிலும் ஏறியிருக்காது. "வேலைக்குக் குறைச்சல் இல்லை, கையிலதான் எதுவும் நிக்க மாட்டேங்குது" என்று தையல் கடை வைத்திருக்கும் பெண்கள் சொல்வது இதனால்தான்.

மாதத்துக்கு எத்தனை பிளவுஸ் தைத்தால் கடை கட்டுப்படியாகும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு கிராஃப் தாள், ஒரு அளவுகோல், கூராகச் சீவிய ஒரு பென்சில் போதும். தாளில் மூன்று கோடுகள் போட வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் இதை லாப நட்டமற்ற புள்ளி வரைபடம் என்பார்கள். தொழிற்சாலைக் கணக்குக்காக அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி ஹெஸ் 1903-இல் இத்தகைய வரைபடம் ஒன்றை வெளியிட்டார். பெரிய ஆலைக்காகப் பிறந்த அந்தப் படம், இரண்டு மெஷின் உள்ள கடைக்கும் அப்படியே பொருந்துகிறது.

சிறு நகரம் ஒன்றில் லைனிங் பிளவுஸ் மட்டும் தைக்கும் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அளவெடுப்பதும் வெட்டுவதும் கடைக்காரப் பெண். தைப்பதற்குப் பீஸ் ரேட்டில் ஒருவர் வருகிறார். ஒரு பிளவுஸுக்குக் கூலி 350 ரூபாய். அந்த ஒரு பிளவுஸுக்காகக் கையை விட்டுப் போவது, லைனிங் துணிக்கு 70, நூல், கொக்கி, கேன்வாஸுக்கு 20, தைப்பவருக்கு 100, ஹெம்மிங் செய்து கொக்கி வைப்பவருக்கு 20. ஆக மொத்தம் 210 ரூபாய். தைத்தால்தான் இந்தச் செலவு. தைக்காத நாளில் இது இல்லை. அதனால் இதற்கு மாறும் செலவு என்று பெயர். 350-இல் இது போக, ஒவ்வொரு பிளவுஸும் கடைக்கு விட்டுச் செல்வது 140 ரூபாய்.

தைத்தாலும் தைக்காவிட்டாலும் வந்து நிற்கும் செலவுகள் வேறு. கடை வாடகை 5,000. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதைப் பாதியாக்கி 600. ஊசி, எண்ணெய், மெஷின் பழுது, போன் எல்லாம் சேர்த்து 400. மெஷின்கள் வாங்கிய விலையையும் இங்கேதான் எழுத வேண்டும், ஆனால் முழுதாக எழுதக் கூடாது. பவர் மெஷினும் ஓவர்லாக்கும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றும், அவை ஐந்து வருடம் உழைக்கும் என்றும் வைத்தால், 60 மாதத்துக்குப் பிரித்து மாதம் 1,000. மெஷின் கடனுக்குத் தவணை கட்டுகிறவர்கள், தவணையில் வட்டிப் பகுதியை மட்டும் செலவில் சேர்க்க வேண்டும். அசலையும் சேர்த்தால் ஒரே மெஷினுக்கு இரண்டு முறை செலவு எழுதியதாகிவிடும். கடைக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் அதுவும் இந்தப் பட்டியலில் வராது.

இதுவரை 7,000 ரூபாய். பெரும்பாலான கடைகளில் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. 7,000-ஐ 140-ஆல் வகுத்தால் 50. மாதம் ஐம்பது பிளவுஸ் தைத்தால் போதும், மீதியெல்லாம் லாபம் என்று தோன்றும். நாளுக்கு இரண்டு பிளவுஸ், யாராலும் முடியும்.

விட்டுப்போனது கடைக்காரப் பெண்ணின் சம்பளம். காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை நின்று வெட்டுகிறவருக்கு, வேறொரு கடையில் கட்டிங் மாஸ்டராகப் போயிருந்தால் சம்பளம் கிடைத்திருக்கும். தன் கடை என்பதற்காக அந்த உழைப்புக்கு விலை இல்லாமல் போய்விடாது. மிகக் குறைவாக மாதம் 10,500 ரூபாய் என்று வைத்தாலும் நிலைச் செலவு 17,500 ஆகிறது. 140-ஆல் வகுத்தால் 125. வேலை செய்து கொண்டே நட்டப்படுவதாகச் சொல்லும் கடைகளில் பெரும்பாலும் இந்த 50-க்கும் 125-க்கும் நடுவில்தான் சிக்கல் இருக்கும். அங்கே கடைக்கு நட்டம் தெரியாது. உழைத்தவரின் கூலி மட்டும் கரைந்துகொண்டிருக்கும்.

இனிப் படம். கிராஃப் தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, கீழே இடமிருந்து வலமாக ஒரு கோடும், இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடும் போட வேண்டும். கீழ்க்கோடு பிளவுஸ் எண்ணிக்கை. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து பிளவுஸ் என்று 200 வரை. செங்குத்துக் கோடு ரூபாய். ஒரு சென்டிமீட்டருக்கு 5,000 என்று 70,000 வரை. இந்த அளவில் ஒரு வசதி உண்டு. தாளின் மிகச் சிறிய கட்டம் ஒவ்வொன்றும் கீழே ஒரு பிளவுஸ், மேலே 500 ரூபாய்.

முதல் கோடு நிலைச் செலவு. செங்குத்துக் கோட்டில் 17,500, அதாவது மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, வலது ஓரம் வரை படுத்தே போகும். ஒன்று தைத்தாலும் நூறு தைத்தாலும் அது ஏறாது.

இரண்டாவது கோடு மொத்தச் செலவு. இதைத் தொடங்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இது அடிமுனையிலிருந்து புறப்படுவதில்லை. ஒரு பிளவுஸும் தைக்காத மாதத்திலும் 17,500 செலவு இருக்கிறது என்பதால், நிலைச் செலவுக் கோடு தொடங்கும் அதே புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். 200 பிளவுஸுக்கு மாறும் செலவு 42,000. அதோடு 17,500 சேர்த்தால் 59,500. வலது பக்கம் 200-க்கு நேர் மேலே அந்த உயரத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் சேர்த்தால் கோடு தயார். மூன்றாவது கோடு வரவு. தைக்காமல் வரவு இல்லை என்பதால் இது மட்டும் அடிமுனையிலிருந்து தொடங்கி, 200 பிளவுஸில் 70,000 ரூபாயைத் தொடும். செலவுக் கோடும் தவறுதலாக அடிமுனையிலிருந்தே போடப்பட்டால், இரண்டும் அங்கேயே சந்தித்துப் பிரிந்து போகும். முதல் பிளவுஸிலேயே லாபம் என்று படம் காட்டும். அப்படித் தெரிந்தால் கோடு தவறு என்று பொருள்.

சரியாகப் போட்ட படத்தில் வரவுக் கோடு கீழிருந்து ஏறி வந்து, மொத்தச் செலவுக் கோட்டை ஓரிடத்தில் வெட்டும். வெட்டிய புள்ளியிலிருந்து நேர் கீழே இறங்கினால் 125 பிளவுஸ். இடது பக்கம் போனால் 43,750 ரூபாய். இரண்டு கோடுகளும் அதிகச் சாய்வு வித்தியாசம் இல்லாமல் வெட்டிக்கொள்வதால், ஒரு கோடு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடையில் இரண்டு பிளவுஸ் முன்பின் ஆகிவிடும். ஆகவே வகுத்தல் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

வகுத்தலே விடையைத் தந்துவிடும்போது படம் எதற்கு என்று கேட்கலாம். வகுத்தல் ஒரு எண்ணை மட்டும் சொல்லும். படம் இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டும். வெட்டும் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள முக்கோணம் நட்டம், வலப்பக்கம் விரிவது லாபம். பீஸ் ரேட்டில் தைப்பவர் நாளுக்கு ஆறு பிளவுஸ் முடிப்பார் என்றால், 25 வேலை நாளில் 150. அந்த எண்ணில் மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக் கோடு போட்டுவிட வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டி இந்தப் படம் செல்லாது. 151-ஆவது பிளவுஸுக்கு இன்னொரு ஆளும் மெஷினும் வேண்டும். நிலைச் செலவுக் கோடு அங்கே படி ஏறிவிடும். ஆக, கடைக்கு லாபம் தரும் இடம் 125-க்கும் 150-க்கும் நடுவிலுள்ள இரண்டரை சென்டிமீட்டர்தான். முழு வேலை செய்த மாதத்தில் சம்பளம் போக நிற்பது 3,500 ரூபாய்.

அந்தத் தெருவில் புதிதாக ஒருவர் கடை திறந்து 300 ரூபாய்க்குத் தைக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் போய்விடக் கூடாதே என்று இவரும் ஐம்பது ரூபாய் குறைக்கிறார். அதே தாளில் வேறு நிறப் பென்சிலால் வரவுக் கோட்டைப் புதிதாகப் போட்டுப் பார்த்தால் விளைவு தெரியும். 200 பிளவுஸில் அது 60,000-ஐத்தான் தொடுகிறது. செலவுக் கோட்டோடு வெட்டும் இடம் 195-ஆவது பிளவுஸுக்கு ஓடிப்போய்விடுகிறது. 150-இல் போட்ட புள்ளிக் கோட்டுக்கு வெகு தூரம். மாதம் முழுதும் ஓய்வில்லாமல் தைத்தாலும் 4,000 ரூபாய் குறையும். கூட்டம் நிறைந்திருக்கும் கடையில் பணம் நிற்காத மர்மம் பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகிறது. விலை குறைவது ஏழில் ஒரு பங்குதான்; ஆனால் கடைக்கு மிஞ்சும் 140 ரூபாய் 90 ஆகச் சுருங்கிவிடுகிறது.

தைப்பவருக்குப் பீஸ் ரேட்டா, மாதச் சம்பளமா என்ற கேள்விக்கும் இதே தாள் பதில் சொல்லும். மாதம் 15,000 சம்பளம் என்று பேசிக்கொண்டால், 150 பிளவுஸ் தைக்கும் மாதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அதே 3,500 தான் மிஞ்சும். ஆனால் கோடுகளின் வடிவம் மாறிவிடுகிறது. நிலைச் செலவு 32,500-க்கு ஏறுகிறது. மாறும் செலவு 110 ஆகக் குறைவதால், செலவுக் கோடு உயரத்தில் தொடங்கி மெதுவாக ஏறுகிறது. வெட்டும் இடம் 136-ஆவது பிளவுஸ்.

வித்தியாசம் ஆடி மாதத்தில் தெரியும். கல்யாண முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்தில் 90 பிளவுஸ்தான் வந்தது என்று வைத்தால், பீஸ் ரேட் கடையில் 4,900 ரூபாய் குறையும். கடைக்காரப் பெண்ணின் 10,500 சம்பளத்தில் 5,600 ஆவது வீட்டுக்குப் போகும். மாதச் சம்பளம் பேசிய கடையில் குறைவது 10,900. அவர் முழு மாதமும் வெட்டிவிட்டு, கைக்காசு 400 ரூபாயும் போட வேண்டியிருக்கும். சம்பளம் வாங்கும் தையல்காரருக்கு அந்த மாதம் எந்தக் குறையும் இல்லை. பீஸ் ரேட்காரருக்கோ 15,000 வர வேண்டிய இடத்தில் 9,000 தான். மந்த மாதத்தின் சுமையை யார் தாங்குவது என்பதைத்தான் இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள்.

பிளவுஸ் மட்டுமே தைக்கும் கடை குறைவு. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஆல்ட்ரேஷன், சுடிதார் எல்லாம் சேர்ந்தே வரும். இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் படம் வேண்டியதில்லை. ஃபால்ஸுக்கு 120 ரூபாய் வாங்கி 40 செலவு போனால் 80 மிஞ்சும்; மாதம் இருபது சேலைக்கு 1,600. அதை நிலைச் செலவிலிருந்து கழித்து 15,900 உயரத்தில் முதல் கோட்டைப் போட்டால், வெட்டும் இடம் 114-ஆவது பிளவுஸுக்கு இறங்கி வரும். சுடிதாரும் பிளவுஸும் பாதிக்குப் பாதி வரும் கடைக்கு இந்தக் குறுக்குவழி போதாது. அங்கே கீழ்க்கோட்டில் எண்ணிக்கைக்குப் பதில் மொத்த வரவை ரூபாயாக எழுதிக்கொள்ள வேண்டும்.

வாடகை ஏறும்போதும் லைனிங் துணி விலை ஏறும்போதும் பழைய தாள் செல்லாது. அதைச் சுவரிலேயே ஒட்டி வைத்து, மாதம் முடிந்ததும் தைத்த எண்ணிக்கைக்கு நேராகக் கீழ்க்கோட்டில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் மாதத்தின் பெயரை எழுதிவரலாம். தை, வைகாசி, தீபாவளி வரும் ஐப்பசி ஆகிய புள்ளிகள் 125-க்கு வலப்பக்கமும், ஆடியும் மார்கழியும் இடப்பக்கமும் விழுந்தால் அந்த ஆண்டு ஒன்றையொன்று ஈடுகட்டுகிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். வைகாசிப் புள்ளியே இடப்பக்கம் விழுந்தால், அந்த வாரமே விலைப் பலகையை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.