ஆர்டருக்கு எண் வேண்டும், தொகைக்கு வேண்டாம்

மென்பொருள் எழுதுவோர் தாங்கள் கையாளும் விஷயங்களை ‘என்டிட்டி’, ‘வேல்யூ ஆப்ஜெக்ட்’ என்று இரண்டு வகையாகப் பார்ப்பார்கள். எரிக் எவான்ஸ் 2003-ல் வெளியிட்ட ‘டொமைன் டிரிவன் டிசைன்’ என்ற நூல் இந்தப் பாகுபாட்டைப் பரவலாக்கியது. எதை வைத்து இரண்டையும் ஒன்றென்று சொல்வது என்பதுதான் இதில் கேள்வி. என்டிட்டிக்கு அடையாளத்தைப் பார்க்க வேண்டும். வேல்யூவுக்கு உள்ளிருக்கும் மதிப்பைப் பார்த்தால் போதும்.

இணையத்தில் நூல் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் 250 ரூபாய் நூலில் இரண்டு பிரதிகளைக் காலையில் ஆர்டர் செய்கிறார். நண்பருக்கும் வேண்டும் என்று மாலையில் அதே நூலில் இன்னும் இரண்டு பிரதிகள் கேட்கிறார். பெயர், முகவரி, நூல், தொகை எல்லாம் ஒன்றே. ஆனாலும் அவை இரண்டு ஆர்டர்கள். இரண்டு முறை பணம் வந்திருக்கிறது, இரண்டு பார்சல்கள் போக வேண்டும். உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று நிரல் முடிவுகட்டினால், இரண்டாவது பார்சல் போகாது.

மறுநாள் முதல் ஆர்டரின் முகவரியை அவர் மாற்றுகிறார், ஒரு பிரதியைக் குறைக்கிறார். இப்போது அதில் பழையபடி இருப்பது கொஞ்சம்தான். இருந்தும் அது அதே ஆர்டர்தான். இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் அதை அடையாளம் காட்டுவது ஆர்டர் எண் மட்டுமே.

அந்த எண்ணை எப்போது கொடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். வாடிக்கையாளர் பட்டனை அழுத்தியபின் பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால், செயலி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். கோரிக்கை வரும்போதெல்லாம் சர்வர் புது எண் போட்டால், ஒரே ஆர்டர் இரண்டாகிவிடும். இது மறு அனுப்பலா, மாலையில் வந்ததைப் போன்ற உண்மையான இரண்டாவது ஆர்டரா என்று உள்ளடக்கத்தைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. அதனால் முதல் முறை அனுப்பும் முன்பே செயலி ஒரு தனி எண்ணை உருவாக்கிக்கொண்டு, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்புகிறது. அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், சர்வர் பழைய பதிலையே திருப்பித் தருகிறது.

தொகையின் கதை வேறு. ஓர் ஆர்டரில் உள்ள 250 ரூபாயும் மற்றொன்றில் உள்ள 250 ரூபாயும் ஒன்றுதான். ‘எந்த 250?’ என்று கணக்கர் கேட்பதில்லை. 250 ரூபாய் வளர்ந்து 300 ரூபாய் ஆவதும் இல்லை. 250 இருந்த இடத்தில் 300 வருகிறது, அவ்வளவுதான். ஆகவே தொகையைக் குறிக்கும் பொருளை, உருவானபின் மாற்ற முடியாதபடி எழுதுவதே முறை.

மாற்ற முடியும்படி எழுதினால் என்ன ஆகும்? கடையின் விலைப்பட்டியல் நினைவகத்தில் இருக்கிறது. நூலின் விலையும் ஆர்டரில் உள்ள விலையும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. ஒருவர் 50 ரூபாய் கூப்பன் போடுகிறார். நிரல் அந்தப் பொருளுக்குள் இருக்கும் எண்ணை 200 ஆக்குகிறது. அந்த நொடி முதல் எல்லா வாடிக்கையாளருக்கும் அந்த நூல் 200 ரூபாய்தான்! விலைப்பட்டியலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டேட்டாபேஸில் விலை சரியாகவே இருக்கும். சர்வரை நிறுத்தித் தொடங்கினால் கோளாறு மறைந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஜாவா மொழியில் இதைத் தவிர்க்க ஒரு `record` போதும்:

```java
record Money(long paise, String currency) {
    Money minus(Money o) {
        if (!currency.equals(o.currency))
            throw new IllegalArgumentException();
        return new Money(paise - o.paise, currency);
    }
}
```

கழித்தால் பழைய தொகை அப்படியே இருக்கிறது, புதிய தொகை ஒன்று பிறக்கிறது. எண்ணும் நாணயமும் ஒத்திருந்தால் இரண்டு தொகைகளும் சமம் என்பதை `record` தானே பார்த்துக்கொள்கிறது. ரூபாயிலிருந்து டாலரைக் கழிக்கவும் முடியாது. பைசாவை முழு எண்ணாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜாவாவின் `BigDecimal`-ஐப் பயன்படுத்தினால், 250.0-உம் 250.00-உம் `equals` கணக்கில் சமமாகாது. மதிப்பை வைத்தே ஒப்பிட வேண்டிய இடத்தில் அது பெரிய பொறி.

ஆனால் எது என்டிட்டி, எது வேல்யூ என்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக எழுதிவைத்தது அல்ல. கடைக்கு முகவரி வெறும் மதிப்பு. மின்வாரியத்துக்கோ ஒவ்வொரு முகவரியும் மீட்டரும் இணைப்பும் கொண்ட தனி அடையாளம். பணமும் அப்படித்தான். கடைக்காரருக்கு எந்த 500 ரூபாய்த் தாளும் ஒன்றே. கள்ளநோட்டை ஆராய்பவருக்கு ஒவ்வொரு தாளும் தனி. அதில் அச்சான எண்ணை வைத்துத்தான் அவர் தேடுவார்.